தாலி கட்டும் நேரத்தில் கலங்கிய முகம்: ஒரே பிட்ரேட்டில் கார்டு என்கோடரும் x264-உம்

பின்னணி

மதுரைப் பக்கம் ஒரு சிறிய கல்யாண வீடியோ ஸ்டுடியோ. உரிமையாளர் ஒருவர், எடிட்டர் ஒருவர், முகூர்த்த நாட்களில் மட்டும் சேர்ந்துகொள்ளும் கேமராக்காரர்கள் இரண்டு மூன்று பேர். நான் அங்கே வேலை பார்ப்பவன் இல்லை. கணினியில் ஏதாவது சிக்கல் என்றால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். இந்தச் சம்பவத்தில் முதல் நாளிலிருந்து கூடவே இருந்ததால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எடிட்டிங் கணினியில் ஆறு கோர் ரைசன் 5 3600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. முன்பு பிராசசரிலேயே எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தார்கள். கார்டு வந்ததும் எடிட்டர் எக்ஸ்போர்ட் மெனுவில் NVENC என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். படத்தைச் சுருக்கும் என்கோடர் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் தேர்வு அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒரே வாரத்தில் ஐந்து முகூர்த்தம் வரும் மாதங்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாக் கல்யாணமும் அந்த வழியில்தான் போனது.

வாடிக்கையாளருக்குக் கொடுப்பது பென்டிரைவ். கிராமத்து வீடுகளில் இருக்கும் பழைய டிவி வரை எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்பதால் பென்டிரைவை ஃபேட்32 முறையில்தான் ஃபார்மட் செய்வார்கள். அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. துல்லியமாகச் சொன்னால் 4,29,49,67,295 பைட். இந்தக் கல்யாணப் படம் 2 மணி 20 நிமிடம், அதாவது 8,400 விநாடி. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 4.09 மெகாபிட் வருகிறது. ஒலிக்கு 192 கிலோபிட் ஒதுக்கி, ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட்டால் படத்துக்கு மிஞ்சுவது 3.8 மெகாபிட். பிட்ரேட்டை யாரும் ரசனைப்படி தேர்ந்தெடுக்கவில்லை. பென்டிரைவ் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எண் அது.

வந்த புகார்

பென்டிரைவ் கொடுத்த நான்காம் நாள் பெண்ணின் அப்பா நேரில் வந்தார். கோபமாகப் பேசவில்லை. டிவியில் எடுத்த ஒரு போட்டோவைப் போனில் காட்டி, "தம்பி, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாலி கட்டுற நேரத்துல மட்டும் பிள்ளை மூஞ்சி தெரியலையேப்பா" என்றார்.

உண்மையிலேயே தெரியவில்லை. கெட்டிமேளம் ஒலிக்கிறது, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அட்சதையும் பூ இதழும் தூவுகிறார்கள். அந்த நாற்பது விநாடியும் படம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. மணப்பெண்ணின் கன்னம் மெழுகு பூசிய மாதிரி வழவழத்து, மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. புடவையின் ஜரிகை ஒரு மஞ்சள் பட்டையாகிவிட்டது. தூவி முடிந்த அடுத்த விநாடியே எல்லாம் பளிச்சென்று திரும்பிவிடுகிறது.

எடிட்டர் முதலில் கேமராவைச் சந்தேகித்தார். ஃபோகஸ் போயிருக்கும் என்று நினைத்தார். மாஸ்டர் ஃபைலைத் திறந்து பார்த்தால் அதே ஷாட்டில் மூக்குத்தியின் கல்கூடத் தெரிகிறது. "அண்ணே, எடுத்ததுல தப்பில்ல, எக்ஸ்போர்ட்லதான் போயிருக்கு" என்று உரிமையாளரிடம் சொன்னார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் பார்த்தது

கார்டில் எக்ஸ்போர்ட் செய்தால் தரம் குறையும் என்று எல்லோரும் சொல்வதுண்டு. உரிமையாளரும் அதைத்தான் சொன்னார்: "கார்டு என்கோடர் மட்டம்னு அன்னைக்கே சொன்னாங்க." அந்த இடத்திலேயே பழைய முறைக்குத் திரும்பியிருந்தால் பிரச்சினை ஓரளவு தீர்ந்திருக்கும். ஆனால் காரணம் தெரியாமலே போயிருக்கும். எனவே முதலில் ஃபைலுக்குள் பிட்டுகள் எங்கே செலவாகியிருக்கின்றன என்று பார்த்தோம். அதற்கு ஒரு வரி போதும்:

```
ffprobe -select_streams v -show_entries packet=pts_time,size -of csv kalyanam.mp4 > size.csv
```

ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை பைட் எடுத்துக்கொண்டது என்ற பட்டியல் வரும். அதை விநாடி வாரியாகக் கூட்டி எக்செல்லில் கோடு போட்டோம். கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. ஐயர் மந்திரம் சொல்லும் அசையாத ஷாட்டுக்கும் 3.8 மெகாபிட். பூ மழை பொழியும் ஷாட்டுக்கும் அதே 3.8. எக்ஸ்போர்ட் பிரீசெட்டைத் திறந்து பார்த்தால் பிட்ரேட் முறை சிபிஆர் என்று இருந்தது, அதாவது எல்லா விநாடிக்கும் ஒரே அளவு பிட். நேரலைக்காக எப்போதோ உருவாக்கி வைத்த பிரீசெட்டை எண்ணை மட்டும் மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

3.8 மெகாபிட் அந்த ஷாட்டுக்கு எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 1,52,000 பிட். முழு எச்டி ஃபிரேமை எச்.264 பதினாறுக்குப் பதினாறு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. மொத்தம் 8,160 கட்டம். ஆகக் கட்டத்துக்குச் சராசரியாக 19 பிட்கூட இல்லை. 256 பிக்சலைச் சொல்ல 19 பிட். அசையாத மண்டபத்தில் இது தாராளம். பின்சுவரில் இருக்கும் கட்டத்துக்கு 'முந்தைய ஃபிரேமில் இருந்த அதேதான்' என்று சொல்ல ஒரு பிட்கூட முழுதாகத் தேவைப்படாது. ஆனால் பூ இதழ் சுழன்றுகொண்டே விழும்போது எந்தக் கட்டமும் முந்தைய ஃபிரேமில் இருந்தது போல இருக்காது. எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் புது விவரம் கேட்கும். அப்போது கட்டத்துக்கு 19 பிட் என்றால் கைவசம் இருக்கும் ஒரே வழி விவரத்தைக் கரைத்துவிடுவதுதான்.

ஆக, குற்றத்தில் ஒரு பங்கு நம்முடைய அமைப்பின் மேல் இருக்கிறது. கார்டின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் சோதனை: கார்டிலேயே முறையை மாற்றுவது

மாஸ்டர் 10 பிட் 4:2:2 ப்ரோரெஸ். கொடுக்கும் ஃபைல் 8 பிட் 4:2:0. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் நிற மாற்றத்தின் வித்தியாசமும் கணக்கில் கலந்துவிடும். அதனால் மாஸ்டரை முதலில் 8 பிட் 4:2:0 ஆக்கி, இழப்பில்லாமல் ஒரு ஃபைலாகச் சேமித்தோம். எல்லா என்கோடருக்கும் அதையே கொடுத்தோம், ஒப்பிடும்போதும் அதையே மூலமாக வைத்துக்கொண்டோம்.

முழுப் படத்தையும் கார்டில் சிபிஆருக்குப் பதில், ஷாட்டுக்கு ஏற்றபடி பிட் கூடிக் குறையும் விபிஆர் முறையில், சராசரி 3.8, உச்சம் 14 மெகாபிட் என்று வைத்து ஓட்டினோம். கூடவே முன்னோக்கிப் பார்க்கும் வசதியையும், முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து கடன் வாங்கும் பி-ஃபிரேமையும் போட்டோம். பிரீசெட் p4-இலிருந்து p7.

பூ மழை ஷாட் கண்ணுக்குத் தெரியும் அளவு தேறியது. பெரிய சதுரங்கள் போய்விட்டன. பெண்ணின் கண்ணும் புருவமும் தெரிந்தன. எடிட்டர் இதோடு விட்டுவிடலாம் என்றார். ஆனால் கன்னம் இன்னும் மெழுகாகத்தான் இருந்தது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோது (எம்பிவி பிளேயரில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் நகரும்) இதழும் முகமும் ஒரே அளவு கலங்கியிருப்பது தெரிந்தது. எது முக்கியம், எது ஒரு நொடியில் மறையப்போவது என்ற பாகுபாடே இல்லை.

இந்த இடத்தில் ஒரு சொல் எங்களை ஏமாற்றியது. NVENC அமைப்புகளில் மல்டிபாஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு முறை ஓடுகிறது என்றதும் படம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கே கடினமான ஷாட் வருகிறது என்று தெரிந்துகொண்டு, இரண்டாம் முறை பிட்டைப் பங்கிடும் என்றுதான் எடிட்டர் நினைத்திருந்தார். அப்படி இல்லை. அது ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை பார்க்கிறது, அவ்வளவுதான். நாற்பத்தேழாவது நிமிடத்தில் கெட்டிமேளம் வரப்போகிறது என்பது மூன்றாவது நிமிடத்தில் அதற்குத் தெரியாது. முன்னோக்கிப் பார்க்கும் வசதியும் சில பத்து ஃபிரேம் தூரம்தான், ஒன்றிரண்டு விநாடி. அதனால் முன்கூட்டியே சேமித்து வைத்து அந்த ஷாட்டுக்குக் கொட்டிக் கொடுக்க அதனால் முடியாது.

இரண்டாம் சோதனை: x264, இரண்டு பாஸ்

அடுத்து அதே 3.8 சராசரி, அதே 14 உச்சம், பிராசசரில் ஓடும் சாஃப்ட்வேர் என்கோடரான x264-இல் `slow` பிரீசெட், உண்மையான இரண்டு பாஸ்:

```
ffmpeg -y -i ref.mkv -c:v libx264 -preset slow -b:v 3800k -maxrate 14M -bufsize 14M -refs 4 -pass 1 -an -f null NUL
ffmpeg -i ref.mkv -c:v libx264 -preset slow -b:v 3800k -maxrate 14M -bufsize 14M -refs 4 -pass 2 -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

`-refs 4` எதற்கு என்று கேட்பார்கள். `slow` தானாக ஐந்து ஃபிரேமை நினைவில் வைக்கும். பெரும்பாலான டிவி பிளேயர்கள் ஏற்கும் லெவல் 4.1-இல் முழு எச்டிக்கு நான்குதான் வரம்பு. ஐந்து வைத்தாலும் பல டிவியில் ஓடும், சிலதில் திக்கும். நான்கு வைத்ததால் தரத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு எதுவும் இல்லை.

முதல் பாஸில் x264 படம் முழுவதையும் பார்த்து, எந்த ஃபிரேம் எவ்வளவு கடினம் என்று ஒரு குறிப்பு ஃபைல் எழுதுகிறது. இரண்டாம் பாஸ் அதைப் பார்த்துப் பங்கிடுகிறது. ffprobe பட்டியலை மறுபடி எடுத்தபோது கோடு மலையும் மடுவுமாக இருந்தது. பூ மழை ஷாட்டில் 9 மெகாபிட் வரை ஏறியிருந்தது. மண்டபம் அசையாமல் நிற்கும் நீண்ட பகுதிகளில் இரண்டுக்கும் கீழே. மொத்த ஃபைல் அளவு கிட்டத்தட்ட ஒன்றே.

முகம் தெரிந்தது. மூக்குத்தி ஒரு வெள்ளைப் பொட்டாகவாவது மின்னியது. இன்னொன்றையும் கவனித்தேன். அதைப் பார்த்ததும் எடிட்டரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஃபைலில் பூ இதழ்கள் மாஸ்டரில் இருப்பதைவிட நிறையவே மங்கியிருந்தன. சில இதழ்கள் வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தன. முகம் மட்டும் தேறியிருந்தது. x264 இதழைப் பலி கொடுத்து முகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இது தற்செயல் இல்லை. `slow` பிரீசெட்டில் x264 ஐம்பது ஃபிரேம் முன்னால் பார்க்கிறது. பார்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் பின்னால் வரும் ஃபிரேம்கள் எவ்வளவு தூரம் கடன் வாங்கப்போகின்றன என்று கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்குக்கு mbtree என்று பெயர். பெண்ணின் முகம் அசையாமல் இருக்கிறது. இதழ் மறைத்த இடம்கூட அடுத்த ஃபிரேமில் வெளியே வந்துவிடும். அங்கே இப்போது செலவழிக்கும் பிட், அடுத்த இருபது முப்பது ஃபிரேமுக்கும் பயன்படும். இதழ் அடுத்த ஃபிரேமில் வேறு இடத்தில் வேறு கோணத்தில் இருக்கும். அதற்குச் செலவழித்தால் திரும்பிக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதனால் இதழுக்குக் குறைத்து முகத்துக்குக் கூட்டுகிறது. பார்க்கிறவர் கண்ணும் முகத்தில்தான் இருக்கும், பறக்கும் இதழில் இருக்காது. கல்யாண வீடியோவுக்கு இந்த ஒரு கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

மூன்றாம் சோதனை: நாற்பது விநாடி மட்டும்

இரண்டாம் சோதனையில் ஒரு நியாயக்குறைவு இருக்கிறது. முழுப் படத்தின் சராசரி ஒன்றுதான். ஆனால் அந்த ஷாட்டுக்கு x264 கொடுத்தது அதிகம். எனவே முகம் தெளிந்ததில் பங்கீட்டின் பலன் எவ்வளவு, என்கோடரின் திறமை எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பூ மழை ஷாட்டை மட்டும் தனியாக வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 6 மெகாபிட் கொடுத்தோம். கார்டுக்கு:

```
ffmpeg -i poo.mkv -c:v h264_nvenc -preset p7 -tune hq -rc vbr -multipass fullres -b:v 6M -maxrate 14M -bufsize 14M -bf 3 -rc-lookahead 32 -spatial-aq 1 -an nv.mp4
```

x264-க்கு `veryfast`, `medium`, `slow` மூன்றும், இரண்டு பாஸில். வெளிவந்த ஃபைல்களின் அளவு ஒன்றுக்கொன்று ஓரிரு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தரத்தை ஒப்பிட்டோம். கேட்ட பிட்ரேட்டும் கிடைத்த பிட்ரேட்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. சின்னத் துண்டில் பத்து சதவீதம் கூடக் குறைய வரலாம். அதை விட்டுவிட்டால் 'அதே பிட்ரேட்' என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

தரத்தை அளக்க நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட விமாஃப் அளவையைப் பயன்படுத்தினோம். நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மதிப்பெண் தரும். முதல் முறை வந்த எண்கள் கேலிக்குரியவையாக இருந்தன. நகரும் இடங்களில் எல்லாம் முப்பதுக்குக் கீழே, அசையாத இடங்களில் தொண்ணூறுக்கு மேல். கண்ணால் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. இந்த அடையாளம் தெரிந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு ஃபைலும் ஒரு ஃபிரேம் தள்ளி நிற்கின்றன. துண்டை வெட்டிய இடத்தில்தான் நழுவல். ஒரே துண்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கியதும் சரியாகிவிட்டது.

முடிவு இப்படி வந்தது. இந்தக் கார்டின் என்கோடரும் x264 `veryfast`-உம் ஏறக்குறைய ஒரே தரம். எந்த ஃபிரேமை எடுத்தாலும் ஒன்று கொஞ்சம் மேலே, இன்னொன்று கொஞ்சம் கீழே. `medium` இரண்டையும் தெளிவாகத் தாண்டியது. `medium`-இலிருந்து `slow`-க்குப் போகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் அந்தத் தாவலைவிடச் சிறியது.

ஆக 'சாஃப்ட்வேர் என்கோடர்தான் நல்லது' என்பது முழுதாக உண்மையில்லை. சாஃப்ட்வேர் என்கோடருக்கு நேரம் கொடுத்தால்தான் நல்லது. கார்டில் இருக்கும் என்கோடர் தனிச் சில்லுப் பகுதி. கேம் ஓட்டும் கோர்களிலிருந்து அது பெரும்பாலும் தனித்தே இயங்கும். 'இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது, இதை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம், எந்தத் தேர்வு எத்தனை பிட் கேட்கும், எவ்வளவு கெடுக்கும்' என்ற தேடலுக்கு அதில் எவ்வளவு இடம் என்பது சில்லு வார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. x264-இல் பிரீசெட்டை இறக்க இறக்க அந்தத் தேடல் ஆழமாகிக்கொண்டே போகும். விலை மின்சாரமும் நேரமும்.

கார்டின் தலைமுறை

அப்போது எடிட்டர் கேட்டார்: "அண்ணே, டூரிங் கார்டுல என்கோடர் x264 medium அளவுக்கு வந்துருச்சுன்னு படிச்சேனே. இது டூரிங்தானே?"

கேள்வி நியாயமானது. என்விடியா 2018-இல் டூரிங் தலைமுறையில் என்கோடரை நன்றாக மேம்படுத்தியது உண்மை. ஆனால் 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இன் முதல் வடிவம் ஒரு விதிவிலக்கு. அதன் டியு117 சில்லில் மற்றதெல்லாம் டூரிங், என்கோடர் மட்டும் அதற்கு முந்தைய வோல்டா தலைமுறை. அதே ஆண்டு வந்த 1650 சூப்பரில் டூரிங் என்கோடர் இருக்கிறது. பெட்டியில் பெயர் ஏறக்குறைய ஒன்றே. வாங்கும்போது கடையில் 'டூரிங் கார்டு' என்று சொன்னது பொய்யில்லை. இவர்களுக்கு வேண்டிய பகுதிக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

இன்னொரு ஸ்டுடியோவில் ஆர்டிஎக்ஸ் 3060 இருந்தது. அதே துண்டை எடுத்துப்போய் அதே கட்டளையை ஓட்டினோம். `veryfast`-ஐத் தாண்டி, `medium`-க்கு மிக அருகில் வந்து நின்றது. `slow`-ஐ எட்டவில்லை. அங்கிருந்தவர் 3090 வாங்கினால் இன்னும் நன்றாக வருமா என்று கேட்டார். வராது. 3090 பெரிய கார்டுதான், ஆனால் அதில் இருப்பதும் 3060-இல் இருக்கும் அதே என்கோடர்தான்.

எச்.264-க்கு அடுத்து வந்த எச்இவிசியில் கொடுத்தால் இதே பிட்ரேட்டில் தரம் கூடுமே என்பதையும் யோசித்தோம். இந்தக் கார்டில் எச்இவிசிக்குப் பி-ஃபிரேம் வசதி கிடையாது, அதனால் கிடைக்கும் லாபம் குறைவு. அதைவிட முக்கியம், பெண் வீட்டு டிவி எச்இவிசியை ஓட்டவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழி முன்னால் இருந்தது. புதுக் கார்டு வாங்குவது, கார்டில் விபிஆரோடு நிறுத்திக்கொள்வது, பென்டிரைவுக்கான ஃபைலை மட்டும் x264-க்கு மாற்றுவது. மூன்றாவதை எடுத்தோம்.

காரணம், வேகம் எங்கே வேண்டும், தரம் எங்கே வேண்டும் என்பது இந்தத் தொழிலில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. இந்தக் கணினியில் மேலே சொன்ன x264 வேலைக்கு இரண்டு பாஸும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. கார்டில் கால் மணி நேரம். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லும் நாளில் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காது. ஆனால் இறுதி ஃபைல் ஒரே முறை போடுவது. கடை சாத்திவிட்டுப் போகும்போது ஓட விட்டால் காலையில் தயாராக இருக்கும்.

பிட்ரேட்டுக்குக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் கார்டையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதே பூ மழைத் துண்டை 20 மெகாபிட்டில் இரண்டிலும் போட்டு, ஸ்டுடியோவின் 43 அங்குல டிவியில் மாற்றி மாற்றிக் காட்டினேன். உரிமையாளரும் எடிட்டரும் எது எதுவென்று சொல்ல முடியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யூடியூபுக்கு ஏற்றும் ஃபைலை யூடியூபே எப்படியும் மறுபடி என்கோட் செய்துவிடும். அதற்கு 20 மெகாபிட்டில் கார்டு போதும்.

பிறகு நடந்தது

புது ஃபைலோடு உரிமையாளரே பெண் வீட்டுக்குப் போனார். அவர்கள் டிவியிலேயே போட்டுக் காட்டினார். பெண்ணின் அம்மா அந்த ஷாட்டை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னாராம். அப்பா, "இப்பத்தான்பா கல்யாணம் பாத்த மாதிரி இருக்கு" என்றாராம்.

முழுப் படத்துக்கும் விமாஃப் எடுத்ததில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. பழைய சிபிஆர் ஃபைலுக்கும் புது ஃபைலுக்கும் சராசரி மதிப்பெண்ணில் வித்தியாசம் இரண்டு புள்ளிதான். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பெண்ணின் அப்பா சும்மா குறை சொல்கிறார் என்றே நினைத்திருப்போம். நாற்பது விநாடி என்பது 8,400 விநாடியில் அரை சதவீதம்கூட இல்லை. அங்கே முப்பது புள்ளி விழுந்தாலும் சராசரியில் அது 0.14 புள்ளியாகத்தான் தெரியும். அதனால் இப்போது சராசரியைப் பார்ப்பதில்லை. மதிப்பெண் மிகக் குறைந்த இருநூறு ஃபிரேமை எடுத்து, அவை எந்த நேரத்தில் வருகின்றன என்று பார்க்கிறோம். பெரும்பாலும் பூ மழை, ஹோமப் புகை, ரிசப்ஷனில் எல்இடி சுவர் மின்னும் இடம் என்று அதே மூன்றுதான் வருகின்றன.

அடுத்த மாதம் வேறொரு கல்யாணத்தில் x264 ஃபைலுக்கே சின்னப் புகார் வந்தது. ஹோமப் புகையில் வளையம் வளையமாகப் பட்டை தெரிகிறது என்றார்கள். அந்தப் படம் மூன்று மணி நேரம், பிட்ரேட் 3 மெகாபிட்டுக்கும் கீழே போயிருந்தது. எந்த என்கோடரும் அதைச் சரிக்கட்டாது. அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் படத்தை முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என்று இரண்டு ஃபைலாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே ஃபைல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

பிரீசெட் மாற்றிய அன்றே ஒரு பூ மழை ஷாட்டைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எடிட்டர் அப்போது சோதித்தது மண்டப வாசலில் பெயர்ப் பலகை காட்டும் ஷாட்டை. அசையாத, வெளிச்சமான, எந்த என்கோடரும் அழகாகச் செய்யக்கூடிய ஷாட். இப்போது மேலே சொன்ன மூன்று வகையிலும் ஒவ்வொரு துண்டைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறார்கள். எந்த அமைப்பை மாற்றினாலும் அந்த மூன்றும் முதலில் ஓடும்.

என் பக்கத்திலும் ஒன்று உண்டு. இரண்டாம் சோதனை முடிந்ததுமே 'x264 இவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது' என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் சோதனைக்குப் பிறகுதான் அதில் பெரும்பகுதி பங்கீட்டின் பலன், மீதிதான் என்கோடரின் திறமை என்று தெரிந்தது. பிரித்துப் பார்ப்பதற்கு முன் வாயைத் திறந்திருக்கக்கூடாது. அவர் அதற்குள் இன்னொரு ஸ்டுடியோக்காரரிடம் கார்டை விற்றுவிடுமாறு சொல்லிவிட்டிருந்தார். நல்லவேளை, அந்த ஸ்டுடியோக்காரர் விற்கவில்லை.

திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. கார்டு வந்ததிலிருந்து இந்தப் புகார் வரும்வரை அதே சிபிஆர் பிரீசெட்டில் பதினொரு கல்யாணம் போயிருக்கிறது. இரண்டேகால் மணி நேர ப்ரோரெஸ் மாஸ்டர் ஒன்று 120 ஜிபிக்கு மேல் வரும். டிஸ்க்கில் இடம் இல்லாததால் பென்டிரைவ் கொடுத்ததுமே மாஸ்டரை அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். பதினொன்றில் இரண்டு குடும்பத்துக்கு மட்டும் கேமரா ஃபைல்கள் இருந்தன. அவற்றை மறுபடி எடிட் செய்து கொடுத்தார்கள். மற்ற ஒன்பது வீட்டில் அந்த நாற்பது விநாடி இனி அப்படியேதான் இருக்கும். இப்போது ஒரு 8 டிபி டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் முழுதாகப் பார்த்துவிட்டுப் போன் செய்து சரி என்று சொன்ன பிறகு, இன்னும் மூன்று மாதம் மாஸ்டர் அதில் இருக்கும்.